புதுப்பிப்பு: ஏலச் சீட்டில் உண்மையான வருட வட்டி

நான் கேட்டிருந்தது: "ஒரு லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாதம். கடைசியில் எடுத்தேன். கட்டியது 87,500, கையில் வந்தது 95,000. வருடத்துக்கு எத்தனை சதவீதம்?"

விடை வந்துவிட்டது: சுமார் 11.4%.

"லாபம் 7,500, வருடத்துக்கு 5 சதவீதம்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். லாபத் தொகை சரி. ஆனால் 87,500 முழுவதும் 20 மாதம் சீட்டில் கிடக்கவில்லையே! கடைசித் தவணை கட்டிய மாதமே பணம் கைக்கு வந்துவிட்டது.

கணக்காளராக இருக்கும் ஒரு அக்கா வழி காட்டினார். முதல் மாதத் தள்ளு, அதாவது சீட்டை எடுத்தவர் ஏலத்தில் விட்டுக்கொடுத்த தொகை, 30,000. அதில் கமிஷன் 5,000 போக, மீதி 25,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,250. ஆக, அந்த மாதம் கட்டியது 3,750. பிறகு தள்ளு சீராகக் குறைய, தவணை மாதம் சுமார் 66 ரூபாய் ஏறி 5,000-இல் முடிந்தது. எக்செலில் B1 முதல் B20 வரை மாதவாரியாகக் கட்டியதை எல்லாம் மைனஸில் போட்டு, 20-ஆம் மாதத்தில் மட்டும் 95,000-இல் 5,000 கழித்து 90,000 என்று போட வேண்டும்.

```
=(1+IRR(B1:B20))^12-1
```

இதில் IRR தருவது மாத வட்டி, சுமார் 0.9%; அதை வருடத்துக்கு மாற்றினால்தான் அந்த 11.4%. ஏலத் தேதி முன்பின் ஆனால் XIRR போடச் சொன்னார்.

இதே சீட்டை முதல் மாதமே 70,000-க்கு எடுத்தவருக்கு அது கடன்; வருடத்துக்கு ஏறத்தாழ 32% விழுகிறது.

"நான் பத்தாவது மாதம் எடுத்தேன், எனக்கு?" என்று இன்னொருவர் கேட்டார். கட்டி, வாங்கி, மறுபடி கட்டுவதால் குறி இருமுறை மாறுகிறது. அப்போது IRR இரண்டு விடை தரலாம், ஒன்றும் தராமலும் போகலாம். அதற்கு என்ன செய்வது என்பதில் அக்காவும் அவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.