"கோபம்" என்று மட்டும் எழுதியவரிடம் எதையும் கேட்பதற்கு முன்: உங்கள் அனுபவங்கள்

கொட்டாஞ்சேனை, எழுத்துவழி உரையாடல் தொண்டர்:

மனம் தளர்ந்தவர்கள் எழுதிப் பேசும் எங்கள் உதவிச் சேவையில், இரவு முறையில் வந்த உரையாடல் ஒன்று இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை. முதற் செய்தியில் "கோபம்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. நான் "இப்போது உங்களுக்குள் கோபம் இருக்கிறது" என்று எழுதி, கேள்விக்குறி இடாமல் காத்திருந்தேன். அவர் தட்டச்சுச் செய்வதைக் காட்டும் புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மீண்டும் தோன்றின. பிறகு வந்த பதில்: "கோபம் இல்லை. பயம்."

அதையும் அப்படியே ஏற்று, "பயமாக இருக்கிறது உங்களுக்கு" என்று எழுதினேன். அதன் பின்னரே கதை வந்தது. முச்சக்கரவண்டிக்கு லீசிங் தவணை கட்ட முடியாமல் போயிருந்தது. வண்டியைப் பறித்துச் செல்ல வந்தவர்கள் ஒழுங்கை முனையில் நிற்பதைக் கண்டதும், வேறோர் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போகாமல் வெளியிலேயே நின்றிருக்கிறார். "எதை நினைக்கும்போது இந்தப் பயம் கூடுகிறது?" என்பதே நான் கேட்ட முதற் கேள்வி. மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டியை இழுத்துக்கொண்டு போவார்களே என்று எழுதினார்.

"யார்மீது கோபம்?" என்று நான் தொடங்கியிருந்தால், அந்த நிறுவனத்தைப் பற்றி அவர் நீளமாகச் சொல்லியிருப்பார். அந்த மகளைப் பற்றிச் சொல்லியிருப்பாரா என்பதுதான் என்னை உறுத்துகிறது. இதுபோல் ஒற்றைச் சொல்லில் தொடங்கியவர்களோடு உங்களுக்கு என்ன நேர்ந்தது?

தெஹிவளை, ஓய்வுபெற்ற தாதி:

இதற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது, தங்கச்சி. உணர்வுக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் செயற்பாடு குறைகிறது என்று 2007 இல் மத்தியூ லீபர்மன் குழுவினர் மூளைப்படங்களின் மூலம் காட்டினார்கள். ஆகவே அவர் சொன்ன சொல்லை ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பிச் சொன்னாலே பயம் தணிந்துவிடும். சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு "பயம்" என்று மட்டும் சொன்ன ஓர் அம்மாவிடம் நான் "பயம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதோடு இன்னும் சிலவற்றையும் நீங்கள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தவணை பிந்தினால் நிறுவனத்துக்கு நேரில் சென்று எழுத்தில் கால அவகாசம் கேட்கலாம், பேசிய அலுவலரின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம், கட்டிய பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைக்கலாம், வீட்டில் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். இரவில் தேநீரைத் தவிர்த்து, மூச்சை மெதுவாக இழுத்து விட்டால் நித்திரையும் வரும். கேட்பதோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதும் பாதி வேலையாகவே படுகிறது.

வெள்ளவத்தை, உளவளத்துணைப் பயிற்றுநர்:

அக்கா, அந்த ஆய்வில் பங்குபற்றியவர்கள் திரையில் தெரிந்த முகங்களின் உணர்வுக்குத் தாங்களே சொல் தெரிவு செய்தார்கள். கேட்பவர் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்வது அங்கே சோதிக்கப்படவில்லை. கொட்டாஞ்சேனைத் தங்கையின் உரையாடலில் பயனளித்தது வேறொன்று. அவருடைய வாக்கியம் திருத்தப்படக்கூடியதாக இருந்தது. இப்படித் திருப்பிச் சொல்வதற்கு வழங்கும் உணர்வைப் பிரதிபலித்தல் என்ற பெயரே தமக்கு உவப்பானதல்ல என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1986 இல் எழுதினார். தாம் செய்வது, தமது விளங்கிக்கொள்ளல் சரிதானா என்று எதிரில் இருப்பவரிடமே சரிபார்த்துக்கொள்வது என்பது அவருடைய நிலைப்பாடு. "கோபம் இல்லை" என்று மறுக்க அந்த மனிதருக்கு இடம் கிடைத்ததே அந்த உரையாடலின் திருப்பம்.

பயிலுநர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் குரல். தொலைபேசியில் "பயமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தின் முடிவில் குரல் மேலே எழுந்தால், அது "பயமா? எதற்கு?" என்ற விசாரணையாகவே மறுமுனைக்குக் கேட்கும், அவர் உடனே காரணம் சொல்லித் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவார். குரல் கீழே இறங்கி முடிந்தால் அது கூற்றாக நிற்கும். அடுத்தது அளவு. "எரிச்சல்" என்றவரிடம் "கடுங்கோபத்தில் இருக்கிறீர்கள்" என்றால், "இல்லையில்லை, அவ்வளவு இல்லை" என்று பின்வாங்கி மூடிக்கொள்வார். சற்றுக் குறைவாகச் சொன்னால் பெரும்பாலும் அவரே கூட்டிச் சொல்வார்.

ஆனால் எல்லா இடத்திலும் கேள்வி பிந்தி வரக்கூடாது. "பயம்" என்று மட்டும் சொன்ன ஒரு பெண்ணிடம் நான் அதைத் திருப்பிச் சொன்னேன். பதிலாக "ம்" மட்டும் வந்தது. அதற்குப் பின்னும் இரண்டு "ம்"கள், அவற்றின் பின்னணியில் கதவு சாத்தப்படும் ஓசை. சொல்லத் தயங்குபவர் இழுத்துப் பேசுவார், இவரோ சுருக்கமாக, வேகமாக, வாயை மூடிக்கொண்டு பதில் தந்தார். ஆகவே "பக்கத்தில் யாரோ இருப்பதால் கதைக்க முடியவில்லையா? ஆம் என்றால் ம் சொல்லுங்கள்" என்றேன். "ம்" என்றார். "அவரால் இப்போது உங்களுக்கு அடி விழும் ஆபத்து இருக்கிறதா?" என்பது அடுத்த கேள்வி. பெண்களுக்கான 1938, பொலிஸின் 119 ஆகிய இரண்டு இலக்கங்களையும் சொல்லி, எதை அழைக்க இயலும் என்பதையும் ஆம், இல்லை என்ற வடிவிலேயே கேட்டேன். அந்த நேரத்தில் நான் அவருடைய பயத்தை அழகாகப் பிரதிபலித்துக்கொண்டே இருந்திருந்தால், அது அவருக்குச் செய்யும் அநீதி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினாலும் அவ்வாறே நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.

பம்பலப்பிட்டி, ஒரு தகப்பன்:

இங்கே வீட்டில் செய்வதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து வாசித்தேன். இருந்தாலும் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் என் மகள் ரியூஷன் முடிந்து வந்ததும் புத்தகப் பையைக் கதிரையில் எறிந்துவிட்டு "கோபம்" என்றாள். எங்கோ வாசித்த நினைவில் நான் "நீ கோபமாக இருக்கிறாய்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அதைத்தானே அப்பா இப்போது சொன்னேன்" என்று சொல்லி அறைக்குள் போய்விட்டாள். அந்தப் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. சொன்னதையே திருப்பிச் சொன்னால் பிள்ளைகள் ஏளனம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே தாதி அம்மா சொல்லும் முறையை நான் ஏற்கவில்லை.

மட்டக்குளி, பாடசாலை ஆசிரியை:

ஐயா, உங்கள் மகள் சொல்லை மட்டும் தரவில்லை, எறியப்பட்ட பையும் அங்கே இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் அந்த ஒரு சொல்தான் கையில் இருக்கும், அதனால் அதையே திருப்பித் தருகிறோம். வீட்டில் "பையை எறிகிற அளவுக்கு இன்றைக்கு வந்துவிட்டது" என்று கண்டதைச் சேர்த்துச் சொன்னால், அவள் சொன்னதற்கு மேல் நீங்களும் கவனித்திருக்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். என் வகுப்பில் "பயம்" என்ற ஒரு மாணவனிடம் "கையும் நடுங்குகிறது" என்று மட்டும் சொன்னேன். வாய்மொழிப் பரீட்சையைப் பற்றி அவனாகவே சொன்னான்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற தாதி:

ஆய்வு பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெள்ளவத்தைத் தம்பி "சற்றுக் குறைவாகச் சொல்லலாம்" என்பதை ஏற்க முடியவில்லை. நோயாளி "பயம்" என்று சொல்ல, நான் "கொஞ்சம் பதற்றம்" என்றால், நான் அதைச் சிறிதாக்குகிறேன் என்றே அவர் நினைப்பார்.

வெள்ளவத்தை, உளவளத்துணைப் பயிற்றுநர்:

ஒற்றைச் சொல்லுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், அக்கா, அங்கே அவருடைய சொல்லையே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நான் சொன்னது, அவர் கொஞ்சம் கதைத்த பிறகு நாமாக ஒரு சொல்லைத் தெரிவு செய்யும் கட்டத்துக்கு. ஆனால் பயிற்றுநர்களிடையேயும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. அரை அடி ஆழமாகவே எப்போதும் சொல்ல வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை, எழுத்துவழி உரையாடல் தொண்டர்:

குரல் இறங்குவது தொலைபேசியில் கேட்கும், எழுத்தில் அது இல்லை. கேள்விக்குறியை விட்டுவிட்டு முற்றுப்புள்ளி இட்டால், சில இளையவர்களுக்கு அது வெட்டிப் பேசுவது போலத் தெரிகிறது என்று என்னுடன் பணிபுரியும் ஒருவர் சொல்கிறார். புள்ளிகள் தோன்றி மறையும் அந்த இடைவெளியில் "இருக்கிறேன், மெதுவாக எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது உதவுமா, அவர் எழுதுவதைக் குழப்புமா? எழுத்துவழியில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.