கலைச்சொல் தேவை: ரவுண்ட் ராடோட “வெயிட் பெர் மீட்டர்” தமிழ்ல என்ன?

கையேட்டுக்காரர்:
எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ டர்னர் பசங்களுக்கு ஒரு சின்ன கையேடு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன். ஸ்டீல் ரவுண்ட் ராடோட எடையை விட்டம், நீளம், அடர்த்தி மூணையும் வச்சு கண்டுபிடிக்கிற பாடம் இப்போ. அதுல “ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ”ங்கிற அளவு திரும்பத் திரும்ப வருது, அதுக்கு ஒரு பேர் வேணும். “அலகு எடை”ன்னு போட்டேன், சரியா வருமா?

மாணவி:
அலகு எடை வேணாம்ங்க. நாங்க சிவில்ல மண்ணுக்கு அதைத்தான் சொல்றோம், ஆனா அது ஒரு கன மீட்டருக்கு உள்ள எடை. அப்புறம் உங்களுக்கு சூத்திரமே ஈஸி, விட்டத்தை மில்லிமீட்டர்ல ஸ்கொயர் பண்ணி 162ஆல வகுத்தா மீட்டருக்கு கிலோ வந்துடும். 162ங்கிறது இரும்போட அடர்த்தி.

பட்டறை அண்ணன்:
மண் விஷயம் சரிம்மா, அதனால அலகு எடையை விட்டுடலாம். ஆனா 162 அடர்த்தி இல்ல. ஸ்டீலோட அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. வட்டத்தோட பரப்புல வர்ற π-ல கால்பங்கும், மில்லிமீட்டரை மீட்டராக்குறதும், இந்த 7850ம் சேர்ந்து தலைகீழா நிக்கிற எண்தான் 162.

```
எடை (kg) = d × d × L / 162
d = விட்டம் mm, L = நீளம் m
```

இதைப் பசங்களுக்கு சொல்லியே ஆகணும், இல்லன்னா அலுமினிய ராடுக்கும் 162தான்னு போட்டு கிட்டத்தட்ட மூணு மடங்கு எடை காட்டுவாங்க. அலுமினியத்துக்கு அடர்த்தி 2700, அங்க வகுக்குற எண் 472 ஆயிடும். இன்னொண்ணு, விட்டத்துக்கு பதிலா ஆரத்தை போட்டா எடை நாலுல ஒரு பங்காத்தான் வரும், இது எங்க பட்டறைக்கு புதுசா வர்ற பசங்க அடிக்கடி பண்ற தப்பு.

வீடு கட்டுறவர்:
நானும் கேக்கணும்னு இருந்தேன். 12 எம்எம் முறுக்குக் கம்பி வாங்கினேன், வெர்னியர் வச்சா 13க்கு மேல காட்டுது, ஆனா ஒரு மீட்டர் வெட்டி தராசுல வச்சா 850 கிராம்தான். கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

பட்டறை அண்ணன்:
நீங்க வெர்னியரை மேல இருக்குற வரி மேல வச்சு அளந்திருப்பீங்க, அங்க அப்படித்தான் காட்டும். வரி போட்ட கம்பிக்கு விட்டத்தை அளக்கவே கூடாது, எடையில இருந்துதான் திரும்பி வரணும். 12க்கு மீட்டருக்கு 889 கிராம் வரணும், உங்களுது 4 சதவீதம் சொச்சம் கம்மி. 12 எம்எம்முக்கு இந்தக் கம்பிக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1786 பொதுவா 5 சதவீதம் வரைக்கும் விடும், அதுனால ஒரு துண்டை வச்சு ஏமாத்திட்டாருன்னு சொல்ல முடியாது, வேற வேற கம்பியில இருந்து ரெண்டு மூணு துண்டு வெட்டிப் போட்டுப் பாருங்க.

நம்ம கேள்விக்கு வர்றேன். போன மாசம் 50 எம்எம் பிளாக் பார், மூணு மீட்டர் எடுத்தேன். கணக்குப்படி 2500ஐ 162ஆல வகுத்து மூணால பெருக்கினா 46.3 கிலோ, தராசு காட்டினது 47.4. தராசுதான் கோளாறுன்னு நினைச்சு, அப்புறம் ராடை நாலு இடத்துல, ஒவ்வொரு இடத்துலயும் குறுக்கா ரெண்டு தடவை அளந்தேன், சராசரி 50.6 வந்துச்சு. 50.6ஐ போட்டா சரியா 47.4. விட்டத்துல 1.2 சதவீதம் கூடினா எடையில 2.4 சதவீதம் கூடுது, விட்டம் ரெண்டு தடவை பெருக்கப்படுதே. பிரைட் பார்ல இந்த தொல்லை ரொம்பக் கம்மி.

கையேட்டுக்காரர்:
இந்த 50.6 கணக்கை அப்படியே பாடத்துல வச்சுக்கிறேன். பேருக்கு “மீட்டர் எடை” எப்படி?

பட்டறை அண்ணன்:
வாயில நல்லா வருது. ஆனா எங்க ஊர்ல இன்னும் அடிக் கணக்குல ராடு கேக்குறவங்க இருக்காங்க, அவங்களுக்கு 162க்கு பதிலா சுமார் 532ஆல வகுத்தா ஒரு அடிக்கு கிலோ வரும். அதை மீட்டர் எடைன்னு எப்படிச் சொல்றது? “நீளவாரி எடை”ன்னு வைக்கலாம், நீளம் எந்த அளவுல இருந்தாலும் பொருந்தும்.

மாணவி:
பிசிக்ஸ்ல கம்பி அதிர்வுக்கு “நீள அடர்த்தி”ன்னு படிச்சோமே, அதுவும் இதே அளவுதானே?

கையேட்டுக்காரர்:
அதே அளவுதான். ஆனா இந்தப் பாடத்துலயே 7850ஐ அடர்த்தின்னு சொல்றேன், அடுத்த வரியில நீள அடர்த்தின்னா பையன் எந்த அடர்த்தின்னு குழம்பிடுவான். நீளவாரி எடைன்னே எழுதறேன், அட்டவணை தலைப்புல மட்டும் இடம் பத்தாததால “மீட்டர் எடை”.

மாணவி:
ஒரே அளவுக்கு ரெண்டு பேரா? எனக்கு இது சரியாப் படல.

வீடு கட்டுறவர்:
இன்னும் மூணு துண்டு போட்டுப் பாத்தேன் அண்ணே, 870, 862, 880 கிராம்.