சமன்பாட்டை வைத்தே காரணத்தன்மையைச் சொல்ல முடியுமா? உதவி தேவை

வணக்கம். y[n] − 0.5y[n−1] = x[n] என்ற சமன்பாடும், y[−1] = 0 என்ற நிபந்தனையும் தரப்பட்டுள்ளன. இந்த அமைப்பு நேரியல்பு, கால மாறாமை, காரணத்தன்மை ஆகியவற்றைக் கொண்டதா என்று சோதிக்க வேண்டும்.

நேரியல்பில் சிக்கல் இல்லை. இரண்டு உள்ளீடுகளை மாறிலிகளால் பெருக்கிக் கூட்டினால் வெளியீடும் அப்படியே அமைகிறது; y[−1] = 1 என்றிருந்தால்தான், உள்ளீடு சுழியாக இருக்கும்போதும் வெளியீடு வந்து நேரியல்பு கெடும்.

மற்ற இரண்டில்தான் நிற்கிறேன். δ[n] கொடுத்தால் n = 0 முதல் 1, 0.5, 0.25 என்று வருகிறது. அதற்கு முன் எல்லாம் சுழி. இதுவரை அமைப்பு காரணத்தன்மை உடையதாகவே தெரிகிறது. அதே துடிப்பை ஒரு படி முன்னதாக, δ[n+1] எனக் கொடுத்தால், வெளியீடும் ஒரு படி நகர்ந்து y[−1] = 1 ஆக வேண்டும். நிபந்தனையோ அதைச் சுழியாக நிறுத்துகிறது. எனவே n = −1இல் சமன்பாடு 0 − 0.5y[−2] = 1 ஆகி, y[−2] = −2, y[−3] = −4 என்று உள்ளீடு வருவதற்கு முன்பே வெளியீடு தோன்றிவிடுகிறது. கையால் போட்டுச் சரிபார்த்த பிறகும் இதே விடைதான். உள்ளீடு தொடங்கும் வரை வெளியீடு சுழி என்று எடுத்துக்கொண்டால் மட்டும் இரு பண்புகளும் நிற்கின்றன.

நிபந்தனை எதுவுமின்றிச் சமன்பாடு மட்டும் தரப்படும் கேள்விகளில், இந்தத் தொடக்க ஓய்வு நிலையை நாமாகவே கொள்ளலாமா, அல்லது காரணத்தன்மையைத் தீர்மானிக்க இயலாது என்று எழுதுவதுதான் சரியா?