கடலுக்கு நடுவில் விமானம் எதை நம்புகிறது?

ஹட்டன் மலர்:
அக்காவைப் பார்க்க கட்டுநாயக்கவில் இருந்து மெல்பர்ன் போனேன். கரை மறைந்த பிறகு மணிக்கணக்காகக் கீழே தண்ணீர்தான். முன்சீட் திரையில் சின்ன விமானம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. நடுக்கடலில் ஜிபிஎஸ் நின்றுபோனால் எங்கே இருக்கிறோம் என்று விமானிக்கு எப்படித் தெரியும்?

பண்டாரவளை ரவி:
இப்போது எல்லாமே ஜிபிஎஸ்தான். விமானத்தின் அசைவை உள்ளேயே அளந்து இடத்தைக் கணக்கிடும் சடத்துவக் கருவியும் இருக்கிறது, ஆனால் அது பழைய காலத்து மிச்சம். நேரம் போகப் போக அதன் பிழை கூடும். ஜிபிஎஸ் சில மீட்டருக்குள் இடம் சொல்லும்போது அதை யார் பார்ப்பார்கள்?

பதுளை குமார்:
தெமோதர சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தவுடன் என் போன் மேப் அப்படியே நின்றுவிடும். டவர் இருக்கிற மலையிலேயே இந்த நிலை என்றால், டவரே இல்லாத கடலில் எப்படி வேலை செய்யும்?

நானுஓயா சிவம்:
குமார் தம்பி, ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம், திறந்த வானம் போதும். அதனால் சுரங்கத்தை விடக் கடல்தான் அதற்கு வசதி.

ரவி தம்பி, பிழை கூடும் என்பது சரி, மிச்சம் என்பது சரியில்லை. 20 வருடத்துக்கு மேல் விமானக் கருவிகள் பழுதுபார்த்தவன் நான். புறப்படும் முன் விமானம் அசையாமல் சுமார் 10 நிமிடம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சடத்துவக் கருவிக்குள் சுழற்சியை அளக்கும் ஜைரோக்கள் பூமி சுழல்வதை உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்கும். யாராவது விமானத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால்கூட மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். பறக்கத் தொடங்கிய பிறகு, வேகம் மாறுவதை உணரும் ஆர்முடுகல்மானி அளப்பதைக் கூட்டிக் கூட்டி வேகத்தையும் இடத்தையும் கருவி தானே கணக்கிடும். வெளியில் இருந்து எந்தச் சிக்னலும் தேவையில்லை.

பிழை எவ்வளவு? ஒரு ஜைரோ மணிக்கு 0.01 பாகை விலகுகிறது என்று வையுங்கள். பூமியின் மேல் அது 0.6 கடல் மைல், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 9 மணி நேரத்தில் 10 கிலோமீட்டர். இறங்குவதற்கு இது போதாது, நடுக்கடலில் தாங்கும்.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான். ஜிபிஎஸ் ஓடும்போது கணினி இரண்டையும் ஒப்பிட்டு, இந்த ஜைரோ எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்று கற்றுக்கொள்கிறது. கைக்கடிகாரம் நாளைக்கு 2 நிமிடம் பிந்தும் என்று தெரிந்தவர் அதைக் கூட்டிப் பார்த்துச் சரியான நேரம் சொல்வார் இல்லையா, அதே மாதிரி. ஜிபிஎஸ் போன பிறகும் அந்தப் பாடம் கருவியிடம் இருக்கும். மலர், உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான்.

பண்டாரவளை ரவி:
சரி அண்ணன், ஆனால் நீங்கள் சொன்னதே எனக்குப் பயமாக இருக்கிறது. ஜிபிஎஸ் பொய் சொன்னால்? 2023இல் இருந்து மத்திய கிழக்கு வான்வெளியில் போலிச் சிக்னல் அனுப்புகிறார்கள். பொய்யை வைத்துப் பாடம் கற்றால் ஜைரோவின் கணக்கும் கெடும்.

நானுஓயா சிவம்:
அது நியாயமான கேள்வி. இடம் ஒரேயடியாக 100 கிலோமீட்டர் தாவினால் கணினி பெரும்பாலும் நிராகரித்துவிடும். மெல்ல மெல்ல இழுக்கும் பொய்தான் ஆபத்து, அது இரண்டையும் சேர்த்த கலவைக் கணக்குக்குள் புகுந்துவிடலாம். அதனால்தான் பல விமானங்களில் ஜிபிஎஸ் தொடாத தூய சடத்துவக் கணக்கு தனியே ஓடிக்கொண்டிருக்கும். போயிங்கில் விமானியின் கணினித் திரையில் POS REF பக்கத்தைத் திறந்தால் இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். இடைவெளி திடீரென்று விரிந்தாலும், ஜிபிஎஸ்ஸிடம் நேரம் வாங்கும் விமானக் கடிகாரம் தப்பான நேரம் காட்டினாலும் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் தூய கணக்குக்கும் தொடக்க இடத்தை வெளியில் இருந்து தர வேண்டும், பல நேரம் அதை மனிதர்தான் அடிப்பார். 2015 மார்ச்சில் சிட்னியில் ஏர்ஏசியா எக்ஸ் விமானி நெடுங்கோட்டை 151 பாகை 9.8 கலை என்று அடிப்பதற்குப் பதில் 15 பாகை 19.8 கலை என்று அடித்துவிட்டார். சுமார் 11,000 கிலோமீட்டர் தள்ளி. பூமியின் சுழற்சியை வைத்து அகலக்கோட்டைக் கருவி சரிபார்க்கும், நெடுங்கோட்டை அப்படிச் சரிபார்க்க முடியாது. பறந்த பிறகுதான் குழப்பம் தெரிந்தது, கடைசியில் மெல்பர்னில் இறக்கினார்கள்.

பண்டாரவளை ரவி:
அப்படியானால் போலிச் சிக்னல் உள்ள பகுதிக்குள் நுழையும் முன்பே ஜிபிஎஸ்ஸைத் துண்டித்துவிட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நானுஓயா சிவம்:
நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். துண்டித்தால் நல்ல சிக்னலும் போகும், நிலத்தை மோதாமல் எச்சரிக்கும் கருவிக்கும் ஜிபிஎஸ் வேண்டும். விமான வகைக்கு வகை முறை மாறும்.

ஹட்டன் மலர்:
மெல்பர்ன் வழியில் அந்தத் தொந்தரவு இல்லையே? அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும்.

நானுஓயா சிவம்:
அந்தத் திசையில் தென்கிழக்காகத் திறந்த கடல்தான், அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். சன்னல் சீட் கேளுங்கள்.