ஆட்டுக் கால் அழுகல்: மருந்துத் தண்ணீரில் நிறுத்தியும் ஏன் திரும்பத் திரும்ப வந்தது?

பணியலயத்தான், பொகவந்தலாவை

முதலில் கவனித்தது என் மகள்தான். "அப்பா, கறுப்பி முட்டி போட்டு மேயுது" என்றாள். போய்ப் பார்த்தால் முன்னங்கால் இரண்டையும் மடக்கி, ஏதோ கும்பிடுவது மாதிரி நின்று மானாப்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது போன ஜூன் மாசம், மழை விடாமல் பெய்த நேரம். நாலு நாளில் இன்னும் இரண்டு ஆடு நொண்டியது. காலைத் தூக்கி விரல் இடுக்கை விரித்தேன். அந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். செத்த எலி நாற்றம் இல்லை, சாணி நாற்றமும் இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் இராத்திரி சாப்பிடும்போது விரலில் இருந்தது.

மொத்தம் 11 ஆடு. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, குளம்பை இரத்தம் வரும்வரை வெட்டினேன். மயில்துத்தத்தைப் பேசினில் கரைத்து ஒவ்வொரு காலையும் இரண்டு நிமிஷம் முக்கினேன். உடனே பழைய இடத்திலேயே, கானுக்குப் பக்கத்தில் கட்டினேன். இரண்டு கிழமையில் 7 ஆடு நொண்டியது. வெட்டிய மூன்றும்தான் மோசம். ஒன்றின் காலில் புழுவே வைத்துவிட்டது.

கடைசியில் மிருக வைத்தியர் வந்தார். நொண்டுகிற ஆட்டை அவர் முதலில் பார்க்கவே இல்லை. "நொண்டாததைக் கொண்டு வாங்க" என்றார். மே மாசம் வெளியில் வாங்கின கிடாய் ஒன்று இருந்தது, ஒருநாளும் நொண்டியதில்லை. அதன் பின்னங்காலைத் தூக்கி, குதிப் பக்கம் கத்தி நுனியை மெதுவாக நுழைத்தார். தடையே இல்லாமல் அரை அங்குலம் உள்ளே போனது. இழுத்தபோது நுனியில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது, அதே நாற்றம். நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான்.

நீங்கள் எல்லாரும் எப்படிச் சமாளித்தீர்கள்?

மேட்டுலயம் பெரியவர், தலவாக்கலை

தம்பி, 40 வருஷமாக ஆடு வைத்திருக்கிறேன். இது சேற்றிலேயே பிறக்கிற நோய். மழைக்காலத்தில் வரும், வெயில் வந்தால் போகும். கிடாயைக் குறை சொல்லி என்ன செய்ய? நன்றாக வெட்டினால் காற்றுப் படும், காற்றுப் பட்டால் அழுகல் சாகும். மயில்துத்தம் போட்டு, பட்டித் தரையில் சுண்ணாம்பு தூவுங்கள். நீங்கள் வெட்டினது காணாது, அதுதான் விஷயம்.

மலைச்சாரல், வெலிமடை

அண்ணே, என் ஆடும் நொண்டுகிறது. நேற்றிலிருந்து இரண்டு ஆடும் பக்கத்து வீட்டு மாடும் ஒரே நேரத்தில். வாயில் நுரை தள்ளுகிறது, தீனி எடுக்கவில்லை, உதட்டுக்குள் கொப்புளம் மாதிரி இருக்கிறது. மயில்துத்தம் எவ்வளவு கரைக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற போதனாசிரியர், ஹட்டன்

முதலில் வெலிமடைத் தங்கச்சிக்கு. நீங்கள் ஒன்றும் கரைக்க வேண்டாம். வாயில் கொப்புளம், நுரை, மாட்டுக்கும் ஆட்டுக்கும் சேர்ந்து ஒரேயடியாக வந்தது, இதெல்லாம் கால் அழுகல் இல்லை. கால்வாய் நோயாக இருக்கலாம். ஆட்டை வெளியே விடாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள், இன்றைக்கே மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கால் அழுகலில் வாய் சுத்தமாக இருக்கும், நோவும் நாற்றமும் காலில் மட்டும்.

இனி பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். ஐயா, பாதி சரி. இதில் இரண்டு கிருமி சேர்ந்து வேலை செய்கிறது. ஒன்று சாணியிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிறது. ஈரத்தில் ஊறி விரல் இடுக்குத் தோல் வெந்த மாதிரி ஆனதும் அது புகுந்துகொள்ளும். அந்த அளவோடு நின்றால் இடுக்கு மட்டும் சிவந்து புண்ணாகும், காய்ந்த இடத்தில் கட்டினாலே பெரும்பாலும் ஆறிவிடும். நீங்கள் 40 வருஷமாக வெயில் வந்து போனதாகப் பார்த்ததில் நிறைய இதுவாகத்தான் இருக்கும். மற்றக் கிருமிதான் குளம்பைச் சதையிலிருந்து பிரித்துக்கொண்டு போகிறது. அது மண்ணில் அதிக நாள் உயிரோடு இருக்காது, ஏறக்குறைய இரண்டு கிழமை. ஆனால் ஆட்டின் குளம்புக்குள் மாசக்கணக்கில், சிலநேரம் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதனால்தான் அந்த டொக்டர் நொண்டாத ஆட்டைத் தேடினார். சேறு கதவைத் திறந்துவிடும், உள்ளே வர ஓர் ஆடு வேண்டும்.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் இது பரவாமல் நிற்கும். நுவரெலியாக் குளிரும் அதற்குப் போதாது. தரை ஈரமாக இருந்தால் வருஷம் முழுக்க நமக்கு இது பரவுகிற காலம்தான்.

காற்றுப் பட்டால் சாகும் என்பதும் உண்மை. நானும் வேலையில் இருந்த காலத்தில் வெட்டச் சொல்லித்தான் கொடுத்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. இரத்தம் வர வெட்டினால் உள்ளிருக்கும் சதை வெளியே பிதுங்கி, புதுக் குளம்பு மூடவே முடியாமல் போகும். வெட்டாமல், நொண்ட ஆரம்பித்த இரண்டு மூன்று நாளுக்குள் நீண்ட நேரம் வேலை செய்கிற ஒக்சிடெட்ராசைக்ளின் ஊசி போட்டால் சீக்கிரம் ஆறுகிறது. அளவு ஆட்டின் நிறையைப் பொறுத்தது, வைத்தியர் சொல்லட்டும். பால் கறக்கிற ஆடு என்றால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளம்பு சீவுவது ஆறி முடிந்த பிறகு.

பணியலயத்தான்

எங்களுக்கும் ஊசிதான் போட்டார். நொண்டிய ஏழுக்கும் கிடாய்க்கும். ஆனால் நான் எழுத நினைத்தது தொட்டியைப் பற்றி. மருந்தைவிட நான் செய்த விதத்தில்தான் பிழை இருந்தது.

மயில்துத்தத்தை விட்டுச் சிங்க் சல்பேட்டுக்கு மாறினோம். கொழுந்துக்கு அடிக்கிற அதே சாமான், உரக்கடையில் கிடைக்கும். 10 லீற்றர் தண்ணீருக்கு 1 கிலோ. பலகையில் பெட்டி அடித்து உள்ளே தடித்த பொலித்தீன் விரித்தேன். நீளம் நாலடி, அகலம் இரண்டடி, இரண்டு ஆடு நிற்கும். குளம்பு முழுக்க மூழ்க இரண்டரை அங்குலம் தண்ணீர் வேண்டும். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 45 லீற்றர், நாலரைக் கிலோ தூள். அடியில் ஒரு சாக்கை விரித்தால் ஆடு வழுக்காது, தண்ணீரும் தெறிக்காது. குளம்பில் ஊற வேண்டுமென்று சவர்க்காரத் தூள் ஒரு கைப்பிடி சேர்த்தோம்.

தொட்டிக்கு முன்னால் பீலித் தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். சேற்றுக் காலோடு இறக்கினால் நாலாவது ஆட்டுக்கே அது மருந்து இல்லை, சாணிக் குழம்பு. ஆடு குடிக்கப் பார்க்கும், அதனால் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டினோம். பிறகு 15 நிமிஷம் நிற்க வேண்டும். சும்மா நிற்குமா? முள்முருங்கைக் குழையை முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டேன், அசையாமல் நின்றது. எறங்கினதும் மண்ணில் கால் வைக்கக் கூடாது. லயத்து வாசல் சீமெந்தில் ஒரு மணி நேரம், குளம்பு காயும்வரை. முன்பு நான் பேசினில் முக்கி நேரே கானோரம் கொண்டுபோய்க் கட்டினேனே, மருந்து அந்த இடத்திலேயே கழுவிப் போயிருக்கும்.

கிழமைக்கு ஒருமுறை, ஐந்து கிழமை செய்தோம். பழைய இடத்தில் மூன்று கிழமை எதையும் கட்டவில்லை. மிச்சத் தண்ணீரைப் பீலிப் பக்கம் போகாமல் குழி வெட்டி ஊற்றினேன்.

செம்மறிக்காரன், பண்டாரவளை

எங்களிடம் செம்மறி. மன்னார்ப் பக்கமிருந்து ஆறு குட்டி கொண்டுவந்தேன். அங்கே இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள், காய்ந்த மண். இங்கே வந்து முதல் மழையிலேயே இடுக்கெல்லாம் சிவந்துவிட்டது, ஆனால் குளம்பு பிரியவில்லை. மயில்துத்தத் தண்ணீர் வைத்தேன், ஒன்று குடித்துவிட்டது. பச்சையாகக் கழிந்து இரண்டாம் நாள் செத்தது. கொப்புள நோய்க்குத் தேயிலைக்கு அடிக்கிற செம்பு மருந்தைக் கலக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது பரவாயில்லையா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

வேண்டாம். அது இலைக்குச் செய்த மருந்து, அதிலும் செம்புதான். செம்மறிக்குச் செம்பு ஆகவே ஆகாது, வெள்ளாடு கொஞ்சம் தாங்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிவந்த கட்டத்தோடு நிற்கிறது. சிங்க் சல்பேட்டும் காய்ந்த தரையும் போதும். ஆனாலும் ஒவ்வொன்றின் குதியையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

போமலின் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். புண் காலில் பட்டால் ஆடு துடித்துப்போகும், அடுத்த முறை தொட்டிப் பக்கமே வராது. ஆளுக்கும் கண் எரியும்.

பணியலயத்தான்

நொண்டிய ஏழும் ஆறின. கறுப்பி ஆறாவது கிழமை சாதாரணமாக நடந்தாள். நான் இரத்தம் வர வெட்டிய மூன்றில் இரண்டு கடைசியாகத்தான் ஆறின. ஒன்றின் குளம்பு இன்னும் கோணல். கிடாய் மட்டும் ஐந்து முறை தொட்டியில் நின்றும், இரண்டு ஊசி போட்டும், குதியில் அந்தப் பை அப்படியே. மருந்து கழியும் நாள் முடிந்த பிறகு இறைச்சிக்குக் கொடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, நல்ல உயரமான கிடாய். அதன் குட்டிகளை வைத்துக்கொள்ளலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். காலைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது புது ஆடு வந்தால் நாலு கிழமை தனிக் கொட்டகை, இரண்டு முறை தொட்டி, நாலு காலும் தூக்கிப் பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்ப்பேன். பட்டியைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி, இடைவெளி விட்டுச் சட்டம் அடித்தேன். கான் பட்டிக்கு மேல் பக்கமாகத் திருப்பி வெட்டினது அதைவிட உதவியது. சீவுகிற கத்தியை ஒவ்வோர் ஆட்டுக்கும் இடையில் ஸ்பிரிட்டில் முக்குகிறேன், சீவின துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போடுகிறேன்.

மலைச்சாரல்

டொக்டர் வந்து பார்த்தார், கால்வாய் நோய் மாதிரித்தான் என்கிறார். மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். பட்டியைப் பூட்டி வைத்திருக்கிறோம். நல்லவேளை, தொட்டி வைக்கவில்லை.

மேட்டுலயம் பெரியவர்

எல்லாம் படித்தேன். என் ஆடுகளில் மூன்று ஒவ்வொரு மழைக்கும் நொண்டும், அதே மூன்றுதான். இன்றைக்குக் குதியை அமுக்கிப் பார்த்தேன், ஒன்றில் மெத்தென்றுதான் இருக்கிறது. சரி, சிங்க் வாங்குகிறேன். ஆனால் வெட்டாமல் விடுவதை நான் நம்பவில்லை. இந்த மழைக்கு இரண்டை வெட்டாமல் ஊசி போட்டுப் பார்க்கிறேன். மூன்றாவதை என் கத்தியால்தான் பார்ப்பேன்.