உதவி: வெண் இரைச்சலைப் பின்னூட்ட வடிகட்டியில் செலுத்தும்போது பரவற்படி சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை

ஆய்வக மாணவி:
வணக்கம். எடை அளக்கும் லோட்செல் ஒன்றிலிருந்து நொடிக்கு 1000 மாதிரிகள் எடுத்து, மிக எளிய பின்னூட்ட வடிகட்டி ஒன்றால் அவற்றை மென்மையாக்குகிறேன். சமன்பாடு இதுதான்: `y[n] = 0.95*y[n-1] + 0.05*x[n]`. உள்ளீடு வெண் இரைச்சலாக இருந்தால், வெளியீட்டின் பரவற்படி உள்ளீட்டினுடையதைப் போல் `0.05/1.95`, அதாவது 0.0256 மடங்காக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டேன். உண்மைத் தரவுக்குப் போகுமுன் கணினியிலேயே சரிபார்க்க நினைத்து, கீழுள்ள நிரலை ஓட்டினேன்.

```python
import numpy as np
from scipy import signal

rng = np.random.default_rng()
x = rng.standard_normal(1000)
y = signal.lfilter([0.05], [1, -0.95], x)
print(np.var(y))
f, P = signal.welch(y, fs=1000, nperseg=256)
```

ஒருமுறை 0.0198 வருகிறது, மறுமுறை 0.0293, இன்னொரு முறை 0.0241. நிறமாலையும் குழப்புகிறது. சுழி அதிர்வெண்ணில் வடிகட்டியின் பெருக்கம் 1 என்பதால் அங்கே உயரம் 1 ஆக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், வந்ததோ 0.002-ஐ ஒட்டிய மதிப்பு. அதிலும் முதல் புள்ளி மட்டும் பள்ளம்போலக் கீழே கிடக்கிறது. சூத்திரத்தில் பிழையா, நிரலில் பிழையா என்று யாராவது தெளிவுபடுத்த முடியுமா?

சுற்றுப்பலகை:
இதில் புதிர் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். 0.05 என்ற எடையைக் கொடுத்தால், வடிகட்டி ஏறத்தாழ கடைசி 20 மாதிரிகளை நினைவில் வைத்திருக்கிறது. 20 மாதிரிகளின் சராசரி எடுத்தால் பரவற்படி இருபதில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே உங்களுக்கு வர வேண்டிய விடை 0.05. சூத்திரத்தை மறுபடி பாருங்கள்.

அலைவரிசை:
சுற்றுப்பலகை சொல்லும் 20 மாதிரிகள் என்பது வடிகட்டி ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு வேகமாக இணங்குகிறது என்பதற்கான அளவு. அந்த வகையில் அது சரியே. ஆனால் பரவற்படி அதைப் பொறுத்ததன்று. இந்த வடிகட்டி கடந்த மாதிரிகளுக்கு 0.05, 0.0475, 0.0451 என்று தேய்ந்துகொண்டே போகும் எடைகளைத் தருகிறது. இருபது மாதிரிகளுக்கு அப்பால் உள்ள பழைய மாதிரிகளுக்கும் மொத்த எடையில் 36 சதவீதம் இன்னும் போகிறது. இரைச்சலின் பரவற்படி இந்த எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் பெருகும், அத்தொகை 0.0256. சம எடைச் சராசரி ஒன்று இதே அளவு இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு 39 மாதிரிகள் தேவைப்படும். எனவே மாணவியின் சூத்திரம் சரி.

அதை ஒரே வரியில் வருவிக்கவும் முடியும். சமன்பாட்டின் இருபுறத்தையும் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால், `V = 0.9025*V + 0.0025` என்று கிடைக்கிறது. குறுக்குப் பெருக்கம் மறைவதற்கு ஒரே காரணம், இப்போது வரும் `x[n]` என்ற மாதிரிக்கும் நேற்றுவரை சேர்ந்த `y[n-1]`-க்கும் எந்த ஒட்டுறவும் இல்லை என்பதுதான். வெண்மை என்ற நிபந்தனை முழுவதும் அந்த ஓரிடத்தில்தான் பயன்படுகிறது. லோட்செல் தரவுக்குப் போகும்போது இதை மறக்க வேண்டாம்.

இனி உங்கள் எண்கள் ஏன் ஆடுகின்றன என்பதற்கு வருகிறேன். வெளியீட்டின் அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றையொன்று வெகுவாக ஒத்திருக்கின்றன. ஆகவே 1000 மாதிரிகள் என்பது, பரவற்படியை மதிப்பிடும் நோக்கில், ஏறக்குறைய 51 சார்பற்ற மாதிரிகளுக்கே சமம். குறைப்புக் காரணி `(1+a*a)/(1-a*a)`; a = 0.95 எனில் அது 19.5. ஐம்பத்தொரு மாதிரிகளிலிருந்து கணித்த பரவற்படி 20 சதவீதம் அளவுக்கு இங்கும் அங்கும் விலகுவது இயல்பே. 0.0198-உம் 0.0293-உம் அந்த வரம்பையொட்டியே இருக்கின்றன.

அதோடு சிறிய சாய்வு ஒன்றும் உண்டு. வடிகட்டி சுழியிலிருந்து தொடங்குவதால் ஆரம்ப மாதிரிகளின் பரவற்படி குறைவு. இது சுமார் 1 சதவீதம். `np.var` தரவின் சராசரியைக் கழித்துவிடுகிறது. மெதுவாக ஆடும் இத்தகைய தரவில் அந்தக் கழித்தல் ஏறத்தாழ 4 சதவீதத்தை எடுத்துச் செல்கிறது. பத்து லட்சம் மாதிரிகள் எடுத்து, முதல் இருநூறைத் தள்ளிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் 0.6 சதவீதத்துக்குள் அடங்கும்.

பழைய பொறியாளர்:
இதே வடிகட்டியை நான் மைக்ரோகன்ட்ரோலரில் முழு எண்களில் எழுதியிருக்கிறேன்: `y += (x - y) >> 4`. உள்ளீட்டு இரைச்சலின் திட்ட விலக்கம் 3 எண்ணிக்கை. சூத்திரப்படி வெளியீட்டில் கொஞ்சமாவது இரைச்சல் தெரிய வேண்டும். எனக்கோ வெளியீடு கல்போல அசையாமல் நிற்கிறது, பரவற்படி சுழி. சூத்திரம் மிகைப்படுத்துகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வடிகட்டி இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது எதற்குக் கவலை?

அலைவரிசை:
ஐயா, அங்கே வடிகட்டி வேலை செய்யவில்லை, சிக்கி நிற்கிறது. வேறுபாடு 0 முதல் 15 வரை இருந்தால் வலப்பக்க நகர்த்தல் அதைச் சுழியாக்கிவிடும். வேறுபாடு −1 ஆக இருந்தாலோ விடை −1. ஆகவே `y` எளிதில் மேலே ஏற முடியாமல், ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, உள்ளீட்டுச் சராசரிக்கு ஏழெட்டு எண்ணிக்கை கீழே போய்க் கிட்டத்தட்ட உறைந்துவிடுகிறது, எப்போதாவதுதான் ஒரு படி அசையும். வெளியீட்டின் சராசரியை உள்ளீட்டின் சராசரியோடு ஒப்பிட்டால் இது உடனே தெரியும். `s += x - (s >> 4)` என்று எழுதி, `s`-ஐப் பதினாறு மடங்கில் வைத்துக்கொண்டால் இந்த ஒட்டல் பெரும்பாலும் நீங்கும். இங்கே பேசும் சூத்திரம் நேரியல் வடிகட்டிக்கானது. இப்படி வெட்டப்படும் கணக்குக்கு அது பொருந்தாது.

மாணவியின் நிறமாலைக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. `welch` தருவது ஹெர்ட்ஸ் ஒன்றுக்கான திறன். பரவற்படி 1 உள்ள வெண் இரைச்சல் 500 ஹெர்ட்ஸ் வரை சமமாகப் பரவுவதால் அதன் உயரம் 1/500 = 0.002. வடிகட்டியின் பெருக்கம் சுழியில் 1 என்பதால் வெளியீடும் அங்கே 0.002-இலிருந்து தொடங்கி, 8.2 ஹெர்ட்ஸில் பாதியாகி, 500 ஹெர்ட்ஸில் அதன் 0.00066 மடங்காகிறது. ஆகவே நீங்கள் பார்த்த உயரம் சரி. வளைவின் கீழுள்ள பரப்புதான் பரவற்படி. அதை 0.002-ஐ 8.2-ஆல் பெருக்கிப் பெற முடியாது. வால் பகுதியின் பங்கையும் சேர்த்தால் 12.8 ஹெர்ட்ஸால் பெருக்க வேண்டும், அப்போது 0.0256 வருகிறது.

முதல் புள்ளியில் உள்ள பள்ளத்துக்கு முக்கியக் காரணம், `welch` ஒவ்வொரு துண்டின் சராசரியையும் தானாகவே கழிப்பது. 256 மாதிரித் துண்டுகளில் இது மொத்தத் திறனில் ஏறத்தாழ 15 சதவீதத்தை விழுங்கிவிடுகிறது, ஏனென்றால் உங்கள் திறன் குவிந்திருப்பதே அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில்தான். கணினி இரைச்சலுக்கு `detrend=False` என்று கொடுத்து, துண்டை 4096 ஆக்குங்கள். அதற்கு நீளமான தரவு வேண்டும். லோட்செல்லில் நிலையான எடை இருப்பதால் முழுத் தரவின் சராசரியை ஒருமுறை கழித்த பிறகே அப்படிச் செய்யுங்கள், இல்லையேல் அந்த எடை பக்கத்துப் புள்ளிகளிலும் கசியும்.

ஆய்வக மாணவி:
மிக்க நன்றி. நீளமான தரவில் 0.0256 துல்லியமாகவே வந்துவிட்டது, நிறமாலையின் பரப்பும் ஒத்துப்போகிறது. ஆனால் உண்மையான லோட்செல் தரவை, அதன் பரவற்படி 1 ஆகும்படி அளவு மாற்றிச் செலுத்தினால், வெளியீடு 0.060 வருகிறது. தரவு ஐந்து நிமிட நீளம் என்பதால் இதைத் தற்செயல் ஆட்டம் என்று சொல்ல முடியாது. மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் காரணமாக இருக்குமா?

சுற்றுப்பலகை:
நிச்சயம் அதுதான். கவசமிட்ட கம்பி போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 0.95-ஐ 0.99 ஆக்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

அலைவரிசை:
50 ஹெர்ட்ஸ் இருக்கலாம், ஆனால் இந்த மிகுதிக்கு அது காரணமாக இருக்க முடியாது. உங்கள் மாதிரி வேகத்தில் இந்த வடிகட்டி 50 ஹெர்ட்ஸ் திறனை 0.0262 மடங்காகக் குறைக்கிறது. இது வெண் இரைச்சலுக்கான 0.0256-க்கு மிக அருகில் இருப்பது ஒரு வேடிக்கையான தற்செயல். உள்ளீடு முழுவதுமே 50 ஹெர்ட்ஸாக இருந்தாலும் 0.060 வராது.

இரண்டு காரணங்கள் சாத்தியம். அடுத்தடுத்த மாதிரிகளுக்கு இடையே 0.42 அளவு ஒட்டுறவு இருந்து, அது மாதிரிக்கு மாதிரி அதே விகிதத்தில் தேய்ந்தால், 0.060 வரும், பெருக்கியின் உள்ளேயே ஒரு வடிகட்டி இருந்தால் இப்படி ஆகும். அல்லது, உள்ளீட்டின் பரவற்படியில் வெறும் 3.5 சதவீதம் மெதுவான நகர்வாக இருந்தாலே போதும், ஏனென்றால் மெதுவான பகுதி குறையாமல் அப்படியே கடந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய `np.var(np.diff(x))` கணக்கிடுங்கள். தூய வெண் இரைச்சலுக்கு 2 வரும். முதல் காரணமானால் 1.16, இரண்டாவதானால் 1.93.

ஆய்வக மாணவி:
1.92 வருகிறது.

அலைவரிசை:
அப்படியானால் மெதுவான நகர்வுதான். இதற்கு 0.99-க்கு மாறினால் வெண் பகுதி 0.0256-இலிருந்து 0.0050 ஆகக் குறையும், நகர்வோ அப்படியே நிற்கும். மொத்தம் ஏறக்குறைய 0.040. வடிகட்டி ஐந்து மடங்கு மந்தமாவதற்கு இது குறைந்த ஆதாயம்.

சுற்றுப்பலகை:
நகர்வு மிகமிக மெதுவாக இருந்தால்தானே அந்தக் கணக்கு? 3 ஹெர்ட்ஸ் அளவில் ஏதோ அதிர்வு இருந்தால் 0.99 அதையும் நன்றாகவே குறைக்குமே.

அலைவரிசை:
ஆம், 0.99-இன் பாதித் திறன் எல்லை 1.6 ஹெர்ட்ஸ் என்பதால் நீங்கள் சொல்வதற்கும் இடம் இருக்கிறது. அது வெப்பத்தால் வரும் நகர்வா, பெருக்கியின் தாழ் அதிர்வெண் இரைச்சலா, மேசையின் ஆட்டமா என்பதை இந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லோட்செல்லைக் கழற்றி, அதன் இடத்தில் நான்கு சம மின்தடைகளால் ஒரு பாலம் அமைத்து ஐந்து நிமிடம் பதிவுசெய்யுங்கள். 0.060 அப்போதும் நீடித்தால் பெருக்கியைச் சந்தேகிக்கலாம்.

ஆய்வக மாணவி:
350 ஓம் மின்தடைகள் ஆய்வகத்தில் இல்லை, கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் பதிவுசெய்து இங்கேயே தருகிறேன்.