ரத்தப்போக்கோடு போனபோது உள் பரிசோதனை வேண்டாம் என்று தடுத்தார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பிரசவ அறைச் செவிலியர், 19 ஆண்டுகள்

மறக்க முடியாத ஓர் இரவைச் சொல்கிறேன். 32 வாரக் கர்ப்பம், முதல் குழந்தை சிசேரியன். தூக்கத்தில் ஈரம் பட்டு விழித்தவர், பனிக்குடம் உடைந்துவிட்டது என்று எண்ணி விளக்கைப் போட்டிருக்கிறார். விரிப்பு முழுக்கப் பளிச்சென்ற சிவப்பு. எங்களிடம் வந்தபோது இடுப்பில் சுற்றியிருந்த துண்டு நனைந்து கனத்திருந்தது. முகத்தில் பயம் இருந்ததே தவிர வலி இல்லை. வயிற்றில் கை வைத்தேன், மெத்தென்று இருந்தது. குழந்தை தலை இறங்காமல் குறுக்கே கிடந்தது. அதன் இதயத்துடிப்பு 140, எந்தக் குறையும் இல்லை.

பணியில் இருந்த இளம் மருத்துவர் கருப்பைவாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கக் கையுறை மாட்டினார். மூத்த மருத்துவர் உள்ளே நுழைந்தபடியே, "விரல் வைக்காதீர்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்றார். இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்துவிட்டு ஸ்கேன் பார்த்தோம். நஞ்சுக்கொடி கருப்பைவாயை முழுவதுமாக மூடியிருந்தது.

அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பது எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் இதேபோன்ற ஒரு பெண்ணுக்கு விரல் வைத்துப் பார்த்துவிட்டார்கள். குழந்தையின் தலை தட்டுப்பட வேண்டிய இடத்தில் பஞ்சுபோல ஏதோ தட்டுப்பட்டது என்று பார்த்தவர் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டவில்லை, ஓடியது. தாய் பிழைத்தார், கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு பிள்ளைகளின் தாய்

எனக்கும் இதேதான். 31ஆவது வாரத்தில் முதல் முறை. கால் மணி நேரம் போய்த் தானாக நின்றுவிட்டது. வலியும் இல்லை, ரத்தமும் நின்றுவிட்டது, காலையில் போய்க்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மாமியார்தான் விடாப்பிடியாக அழைத்துப் போனார். அங்கே மருத்துவர், "இது முன்னறிவிப்பு. அடுத்தது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது" என்றார். 35ஆவது வாரத்தில் மறுபடி வந்தது, அப்போது நிற்கவில்லை. அன்றே அறுவை செய்து எடுத்தார்கள். முதல் முறையே நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் போட்டிருந்ததால் குழந்தை சிரமப்படவில்லை.

மருந்துக்கடையில் பணிபுரிபவர்

இதை நினைவில் வைப்பது எளிது. வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பாக வந்தால் நஞ்சு கீழே இருக்கிறது. வலியோடு கறுத்து வந்தால் நஞ்சு பிரிந்துவிட்டது. ரத்தம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆபத்து.

ஒரு கணவர்

கடைசி வரியை மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். அதை நம்பித்தான் நான் ஒன்றரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

மனைவிக்கு 36 வாரம். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாக ரத்த அழுத்தம் 150க்கு மேல். அன்று மாலை முதுகு வலிக்கிறது என்றாள். பிறகு வயிறும் வலித்தது. பிரசவ வலி விட்டுவிட்டு வரும் அல்லவா, இது விடவே இல்லை. துணியில் நாணய அளவுக்குக் கறுத்த கறை. இவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

மருத்துவமனையில் செவிலியர் வயிற்றை அழுத்தினார், விரல் அமுங்கவே இல்லை. மரப்பலகையைத் தொடுவதுபோல இருந்தது என்று பிறகு சொன்னார். ரத்த அழுத்தம் 110 என்றதும் குறைந்துவிட்டதே என்று நிம்மதியானேன். மருத்துவரின் முகமோ மாறியது. எப்போதும் 150 இருப்பவருக்கு 110 என்றால் உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள் என்றார். நாடித்துடிப்பு 130. குழந்தையின் துடிப்பு 90க்கு இறங்கியிருந்தது. உடனே அறுவை செய்தார்கள். நஞ்சுக்குப் பின்னால் இரு கை கொள்ளாத அளவுக்குக் கட்டிய ரத்தம். வெளியே வந்தது அந்த நாணயக் கறை மட்டுமே. மகள் 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

மகப்பேறு மருத்துவர்

இவர் சொன்னதுதான் முக்கியமான வேறுபாடு. நஞ்சு கீழே இருந்தால் போகும் ரத்தம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். தாயின் நிலை அதற்கு ஏற்றபடி இருக்கும். நஞ்சு பிரிந்தால் ரத்தம் கருப்பைச் சுவருக்கும் நஞ்சுக்கும் இடையே தேங்கலாம். அப்போது வெளியே தெரியும் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வலியை வைத்துப் பிரிப்பதும் பாதி சரிதான். நஞ்சு கீழே இருப்பவருக்கும் ரத்தப்போக்கோடு பிரசவ வலி எடுக்கலாம். நஞ்சு பின்சுவரில் இருந்து பிரிந்தால் வெறும் முதுகுவலியாகவே தொடங்கலாம். இரண்டும் ஒருவருக்கே வருவதும் உண்டு.

கட்டிலருகில் நிற்கும்போது எது என்று உறுதியாகத் தெரியாத நிலையில்தான் விரல் வைக்கத் தடை. கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது அங்கே ஒட்டியிருக்கும் நஞ்சு ஏற்கெனவே ஓரத்தில் பிரிந்து கசிகிறது. விரல் கருப்பைவாய்க்குள் நுழைந்தால் மீதியையும் கிழித்துவிடும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. நஞ்சு மேலேதான் இருக்கிறது என்று ஸ்கேனில் உறுதியானால் தடை நீங்கிவிடும். நஞ்சு பிரிந்த சிலருக்கு உள் பரிசோதனை செய்து, பனிக்குடத்தை உடைத்துப் பிரசவத்தை விரைவுபடுத்தவும் செய்கிறோம்.

ஐந்தாம் மாதக் கர்ப்பிணி

எனக்கு 20 வார ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் உள்ளே கருவி வைத்து ஸ்கேன் எடுத்தார்கள்! விரலே கூடாது என்கிறீர்கள், எனக்கு ஏதாவது ஆகிவிடுமா?

மகப்பேறு மருத்துவர்

பயப்படாதீர்கள். அந்தக் கருவி கருப்பைவாய்க்கு வெளியே யோனிக்குள்தான் நிற்கும், வாய்க்குள் நுழையாது. நஞ்சின் விளிம்புக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியை வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட இதில்தான் துல்லியமாக அளக்க முடியும். 20 வாரத்தில் கீழே இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கருப்பை வளர வளர அந்த இடைவெளி கூடிவிடும். 32 வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் மட்டும் அந்தத் தழும்பின் மேல் நஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

ஒரு கணவர்

மருத்துவரே, ஒன்று கேட்கிறேன். என் மனைவிக்கும் முதலில் ஸ்கேன் பார்த்தார்கள். நஞ்சு மேலே இருக்கிறது, ரத்தக்கட்டு எதுவும் தெரியவில்லை என்றார்கள். அது தவறா?

மகப்பேறு மருத்துவர்

தவறு இல்லை. நஞ்சு கீழே இருப்பதை ஸ்கேன் நன்றாகக் காட்டும். பிரிந்திருப்பதைப் பல நேரம் காட்டாது. புதிய ரத்தக்கட்டு நஞ்சின் நிறத்திலேயே தெரியும். அதனால்தான் உங்கள் மருத்துவர் படத்தைப் பார்த்து ஆறுதல் அடையாமல் வயிற்றையும் குழந்தையின் துடிப்பையும் நம்பியிருக்கிறார்.

இரண்டு பிள்ளைகளின் தாய்

முதல் முறை ரத்தம் வந்து நின்ற பிறகு என்னைப் பிரசவம் வரை மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். என் தங்கைக்கும் இதேதான், அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். எது சரி?

பிரசவ அறைச் செவிலியர், 19 ஆண்டுகள்

நான் பணிபுரிந்த இடங்களிலேயே இரண்டும் நடந்திருக்கிறது. வீடு எவ்வளவு தூரம், இரவில் வண்டியும் துணைக்கு ஆளும் கிடைக்குமா, எத்தனை முறை ரத்தம் போயிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரின் கோப்பு அட்டையிலும் சிவப்பு மையில் நான் ஒரு வரி எழுதிவிடுவேன்: "நஞ்சு கீழே உள்ளது, விரல் பரிசோதனை கூடாது." நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையுறை மாட்டுகிறவர் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும்.